பதினெட்டுப் பேரை எதால் வகுக்கிறோம்: ஒரே கோஹார்ட் அட்டவணையில் மூன்று அளவுகள்

கேள்வி: "நாகர்கோவிலில் பொது சுகாதாரம் படிக்கிறேன். பயிற்சித் தாளில் ஒரு கோஹார்ட் கணக்கு. கும்பப்பூப் பருவம் முழுக்க வயல் வேலை செய்தவர்களில், சேற்றுப்புண்ணோடு வெறுங்காலில் இறங்கிய 400 பேரைத் தேர்ந்தெடுத்துக் கவனித்ததில் 24 பேருக்கு எலிக்காய்ச்சல். புண் இல்லாத 400 பேரில் 6 பேருக்கு. அட்ரிபியூட்டபிள் ரிஸ்க், பாப்புலேஷன் அட்ரிபியூட்டபிள் ஃப்ராக்ஷன், என்என்டி மூன்றும் வேண்டும். எனக்குப் பிஏஎஃப் 60 சதவீதம் வருகிறது. கூடப் படிக்கிறவள் 37.5 என்கிறாள். அந்த ஊர்களில் வயலில் இறங்குகிறவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் சேற்றுப்புண் என்று தாளின் கடைசி வரியில் இருக்கிறது. யார் சொல்வது சரி? என்என்டி 22-ஆ, 23-ஆ?"

பதில்:

உங்கள் தோழி சொல்வதுதான் சரி. என்என்டி 23. ஆனால் நீங்கள் போட்ட கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் சூத்திரம் மறந்தாலும் இந்த மூன்றையும் கையால் போட்டுவிடலாம். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: இவை பயிற்சிக்காக வைத்த எண்கள். நம் மாவட்டத்தின் எலிக்காய்ச்சல் நிலவரம் இதுதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு ஆட்களை எண்ணுங்கள். புண் இல்லாத 400 பேரில் 6 பேருக்குக் காய்ச்சல் வந்தது. சேறும் தண்ணீரும் எலியும் எல்லாருக்கும் பொது. புண் இல்லாவிட்டாலும் கண், வாய், சின்னக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகத்தான் செய்யும். அப்படியானால் புண் இருந்த 400 பேருக்குப் புண்ணே இல்லாமல் இருந்திருந்தாலும் 6 பேருக்கு வந்திருக்கும். வந்ததோ 24 பேருக்கு. 24-இல் 6 போனால் 18. இந்த 18 பேர்தான் புண்ணின் கணக்கில் வருகிறவர்கள். கேட்கப்பட்ட மூன்று அளவுகளும் இந்த 18 பேரைப் பற்றியவைதான். எதோடு வைத்து வகுக்கிறோம் என்பதில் மட்டுமே வேறுபடுகின்றன.

18-ஐ, புண் இருந்த 400 பேரால் வகுத்தால் 4.5 சதவீதம். அதுதான் அட்ரிபியூட்டபிள் ரிஸ்க், தமிழில் கூடுதல் இடர் என்று சொல்லலாம். 6 சதவீதத்தில் 1.5 சதவீதத்தைக் கழித்தாலும் இதே விடைதான். சேற்றுப்புண்ணோடு ஒரு பருவம் வயலில் இறங்கும் 1000 பேரில் 45 பேருக்குப் புண்ணின் காரணமாகவே காய்ச்சல் வருகிறது என்பது இதன் பொருள்.

அதே வகுத்தலைத் தலைகீழாக்கி 400-ஐ 18-ஆல் வகுத்தால் 22.2. அது என்என்டி. ஒருவருக்குக் காய்ச்சல் வராமல் தடுக்க எத்தனை பேரின் காலைப் பாதுகாக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை. 22 பேரைப் பாதுகாத்தால் ஒரு முழு ஆள் தேறுவதில்லை, அதனால் மேல்நோக்கி 23 என்று எழுதுவது வழக்கம். 22 என்று எழுதினால் பலனைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகிவிடும்.

மூன்றாவது பிஏஎஃப். இங்கே 18-ஐ வகுக்க வேண்டியது ஊரில் வந்த மொத்த எலிக்காய்ச்சல் எண்ணிக்கையால். நீங்கள் 24-ஐயும் 6-ஐயும் கூட்டி 30 என்று எடுத்து, 18-ஐ 30-ஆல் வகுத்து 60 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 30 ஊரின் எண்ணிக்கை அல்ல. இந்தப் பக்கம் 400, அந்தப் பக்கம் 400 என்று ஆய்வு செய்தவர் தேர்ந்தெடுத்ததால் கிடைத்த எண்ணிக்கை. ஊரில் ஐந்தில் ஒருவருக்குத்தான் புண். அட்டவணையிலோ இரண்டில் ஒருவருக்குப் புண். அவர் 400-க்கு 800 என்று எடுத்திருந்தால் உங்கள் பிஏஎஃப் 50 சதவீதமாக இறங்கியிருக்கும். ஊர் மாறவில்லை, எலி மாறவில்லை, ஆய்வாளரின் விருப்பம் மட்டும் மாறி விடை மாறுகிறது என்றால் அது ஊரைப் பற்றிய அளவாக இருக்க முடியாது.

சரி, ஊரின் கணக்கை எப்படிப் பெறுவது? புண் இருப்பவர்கள் 400 பேர் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் 20 சதவீதம் என்றால் புண் இல்லாதவர்கள் 1600 பேர். அவர்களில் 1.5 சதவீதம், அதாவது 24 பேருக்குக் காய்ச்சல். அந்தப் பக்கம் 24, இந்தப் பக்கம் 24, மொத்தம் 48. இப்போது 18-ஐ 48-ஆல் வகுத்தால் 37.5 சதவீதம். உங்கள் தோழி அநேகமாக லெவின் சூத்திரத்தில் போட்டிருப்பார்:

```
PAF = Pe(RR - 1) / [1 + Pe(RR - 1)]
    = 0.2 × 3 / (1 + 0.2 × 3) = 0.375
```

இதில் Pe என்பது மக்களில் புண் இருப்பவர்களின் பங்கு. RR என்பது ரிலேட்டிவ் ரிஸ்க், புண் உள்ளவர்களின் இடர் இல்லாதவர்களின் இடரைப்போல் எத்தனை மடங்கு என்பது; 6-ஐ 1.5-ஆல் வகுத்து வரும் 4. லெவின் 1953-இல் புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி எழுதியபோது தந்த சூத்திரம் இது. ஆட்களை எண்ணினாலும் சூத்திரத்தில் போட்டாலும் விடை ஒன்றுதான். நான் மாணவர்களை எப்போதும் ஆட்களை எண்ணித்தான் போடச் சொல்வேன். எண்ணும்போது 'இந்த 30 பேர் யார்?' என்ற கேள்வி தானாக எழும். சூத்திரத்தில் போட்டால் அது எழவே எழாது.

இதில் நான் வாங்கிய அடி ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு ஆய்வேட்டுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுத்தேன். அதிலும் இதே போல இரண்டு பக்கமும் சமமாக ஆள் எடுத்திருந்தார்கள். மென்பொருள் கொடுத்த பிஏஎஃபை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். மென்பொருளுக்கு அட்டவணையின் ஓரக்கூட்டல்தான் தெரியும், ஊர் தெரியாது. ஏடு சமர்ப்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திருத்தம் எழுதிக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பெரிய சதவீதம் அதற்குள் ஒரு திட்ட அறிக்கைக்குள் போய்விட்டது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எண்ணிக்கை பார்த்து ஆள் தேர்ந்தெடுத்த கோஹார்ட்டில் கூடுதல் இடரும் என்என்டியும் அட்டவணையிலிருந்தே வரும். பிஏஎஃபுக்கு வெளியிலிருந்து ஒரு எண் வேண்டும். ஊரிலுள்ள எல்லாரையும் அல்லது குலுக்கல் முறையில் பொதுவாக எடுத்த ஆட்களைப் பின்தொடர்ந்த கோஹார்ட்டாக இருந்தால் மட்டும் மூன்றும் ஒரே அட்டவணையில் கிடைக்கும்.

இன்னொன்றும் இதிலிருந்தே தெரியும். பிஏஎஃப் ஊருக்கு ஊர் மாறும் அளவு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நடவுக்காலத்தில் தினமும் சேற்றில் நிற்கிற பெண்களை மட்டும் எடுத்தால் அவர்களில் புண் இருப்பவர்கள் 60 சதவீதமாக இருக்கலாம் என்று வையுங்கள். அதே RR 4-ஐ வைத்துப் போட்டால் பிஏஎஃப் 64 சதவீதத்தைத் தொடும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களிடம் சேற்றுப்புண் அரிதாக இருந்தால் பிஏஎஃபும் மிகச் சிறிதாகிவிடும், அங்கே காய்ச்சலுக்கு வேறு வழிகள் இருக்கும். ஆகவே ஓரிடத்தில் கண்ட பிஏஎஃபை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

இனி என்என்டிக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் வேகமாகக் கடந்து போகிறார்கள், என் பார்வையில் நின்று யோசிக்க வேண்டிய இடமே இதுதான். 23 என்ற எண்ணுக்குப் பின்னால் சொல்லாமல் விட்ட மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன.

முதலாவது, யாருக்கு? புண் இருப்பவர்களைத் தேடிப் பிடித்து அவர்களை மட்டும் பாதுகாத்தால்தான் 23. புண் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வயலுக்குப் போகும் 2000 பேருக்கும் ஆளுக்கொரு ஜோடி கம்பூட் கொடுத்தால், புண் வழியாக வரும் அதே 18 காய்ச்சலைத் தடுக்க 2000 ஜோடி வேண்டும். 2000-ஐ 18-ஆல் வகுத்தால் 111.1, அதாவது 112. ஒரே ஊர், ஒரே நோய், 23-ம் சரி, 112-ம் சரி. எந்தத் திட்டத்துக்கு என்று சொல்லாமல் என்என்டியை எழுதினால் அது வெறும் எண்.

இரண்டாவது, பாதுகாப்பு முழுமையாக நடக்கிறதா? ஒருமுறை நடவு நடக்கிற வயலில் கம்பூட் கொடுத்துப் பார்த்தோம். வரப்பில் உட்கார்ந்து போட்டுக்கொண்டு இறங்கிய அம்மா ஒருவர் நாலாவது அடியில் நின்றுவிட்டார். கால் மேலே வந்தது, பூட்ஸ் சேற்றிலேயே இருந்தது. "இதப் போட்டுக்கிட்டு நாத்து நட முடியாது மக்ளே, சேறு இழுத்துக்கிடும்" என்று அதைக் கழற்றி வரப்பில் கவிழ்த்து வைத்தார். உள்ளே போன தண்ணீர் கொட்டியது. அவர் கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறி, தோல் பிரிந்து, சிவந்து தெரிந்தது. அதன் மேல் முந்தின இரவு பூசிய மருதாணிக் கறை. வரப்பு வெட்டுகிறவருக்கும் வாய்க்கால் தூர்வாருகிறவருக்கும் பூட்ஸ் சரிப்படுகிறது, நடுகிறவருக்கு ஒத்துவருவதில்லை. அப்படியானால் கொடுத்தவர்களில் 60 சதவீதம் பேர்தான் போடுகிறார்கள் என்று வைத்தால், தடுக்கப்படுவது 4.5 அல்ல, அதில் 60 சதவீதமான 2.7. என்என்டி 38 ஆகிவிடும். போடாமல் விடுகிறவர்கள் அதிகம் சேற்றில் நிற்கிறவர்களாக இருந்தால் அதைவிடவும் கூடும்.

மூன்றாவது, எவ்வளவு காலத்தில்? இந்த 23 ஒரு கும்பப்பூப் பருவத்துக்கானது. ஒப்பிட ஒரு உண்மையான எடுத்துக்காட்டு தருகிறேன். 1984-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பனாமாவில் காட்டுப் பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படைவீரர்கள் 940 பேரில் ஒரு பாதிக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல், மருந்துக் குழுவில் ஒருவருக்கு. ஏறக்குறைய 4.2 சதவீதமும் 0.2 சதவீதமும். வித்தியாசம் 4 சதவீத அளவு, என்என்டி சுமார் 25. உங்கள் 23-ம் அந்த 25-ம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் காலைப் பாதுகாப்பதும் மாத்திரையும் ஒரே பலன் என்று எழுதிவிடாதீர்கள். அது மூன்று வாரக் கணக்கு, இது ஒரு பருவக் கணக்கு. அதைவிட முக்கியம், அங்கே யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. உங்கள் அட்டவணையில் யாருக்குப் புண் என்பதை வாழ்க்கை முடிவு செய்திருக்கிறது. அதனால்தான் கவனிப்பு ஆய்விலிருந்து வரும் எண்ணை என்என்டி என்று அழைக்கவே சிலர் தயங்குவார்கள். சிகிச்சை எதுவும் கொடுக்கப்படவில்லையே என்பது அவர்கள் வாதம், அது நியாயமான வாதம்.

வாழ்க்கை முடிவு செய்தது என்றேனே, அதை எண்ணில் காட்டுகிறேன். சேற்றுப்புண் யாருக்கு வருகிறது? அதிக நேரம் தண்ணீரில் நிற்கிறவருக்கு. அதிக நேரம் நிற்கிறவருக்குப் புண் இல்லாவிட்டாலும் எலிக்காய்ச்சல் வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்கள் 18 பேரில் சிலர் புண்ணால் வந்தவர்கள் அல்ல, தண்ணீரில் நின்ற நேரத்தால் வந்தவர்கள். உங்கள் 800 பேரையும் நேரத்தின்படி இப்படிப் பிரித்துப் பார்ப்போம். புண் உள்ள 400 பேரில் 300 பேர் நீண்ட நேரம் நிற்பவர்கள், அவர்களில் 21 பேருக்குக் காய்ச்சல். மீதி 100 பேரில் 3 பேருக்கு. புண் இல்லாத 400 பேரில் 100 பேர்தான் நீண்ட நேரம் நிற்பவர்கள், அவர்களில் 3 பேருக்குக் காய்ச்சல். மீதி 300 பேரில் 3 பேருக்கு. கூட்டிப் பாருங்கள், அதே 24, அதே 6.

இப்போது திரும்ப எண்ணுவோம். புண் உள்ள அந்த 300 பேருக்குப் புண் இல்லாமல் இருந்திருந்தால், அதே மாதிரி நீண்ட நேரம் நின்று புண் இல்லாதவர்களின் 3 சதவீதப்படி 9 பேருக்கு வந்திருக்கும். மீதி 100 பேருக்கு 1 சதவீதப்படி ஒருவருக்கு. மொத்தம் 10. நாம் முன்பு 6 என்று நினைத்தோம். ஆக 24-இல் 10 போனால் 14. புண்ணின் கணக்கில் வருகிறவர்கள் 18 பேர் அல்ல, 14 பேர். அந்த ஒரு எண் மாறியதும் மூன்றும் மாறுகின்றன: கூடுதல் இடர் 3.5 சதவீதம், என்என்டி 29, பிஏஎஃப் 14-ஐ 48-ஆல் வகுத்து 29 சதவீதம்.

இங்கே ஒரு நுணுக்கமான பள்ளம் இருக்கிறது, அச்சான கட்டுரைகளிலும் இதில் விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சரிசெய்த RR என்ன? வந்தது 24, எதிர்பார்த்தது 10, ஆக 2.4. இதை எடுத்து மேலே உள்ள லெவின் சூத்திரத்தில் போட்டால் 0.28-ஐ 1.28-ஆல் வகுத்து 22 சதவீதம் வருகிறது. ஆட்களை எண்ணினால் 29. எது சரி? எண்ணியதுதான் சரி. லெவின் சூத்திரம் சரிசெய்யாத RR-க்கானது. வேறு காரணிகள் கலந்திருக்கும்போது சரிசெய்த RR-ஐ அதில் போட்டால் விடை தவறும். அந்த நிலையில் பயன்படுத்த வேண்டியது மீட்டினன் 1974-இல் தந்த வடிவம்:

```
PAF = Pc × (RR - 1) / RR
    = 0.5 × 1.4 / 2.4 = 0.29
```

Pc என்பது மக்களில் அல்ல, நோயாளிகளில் புண் இருந்தவர்களின் பங்கு. ஊரின் 48 நோயாளிகளில் 24 பேருக்குப் புண், ஆகவே 0.5. கவனியுங்கள், இந்த 0.5-ஐயும் உங்கள் அட்டவணையிலிருந்து எடுக்க முடியாது. அட்டவணையில் அது 30-க்கு 24, அதாவது 0.8. களத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்த வடிவம் ஒரு வகையில் சௌகரியம்கூட. ஊர் முழுக்கக் கால் பார்த்துக் கணக்கெடுப்பதைவிட, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எலிக்காய்ச்சலோடு வருகிறவர்களின் காலைப் பார்த்துக் குறித்து வைப்பது எளிது. புண்ணுக்கு மருந்து வாங்க வந்த இடத்தில் காய்ச்சலும் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அதில் அதிகமாகச் சேர்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பக இடைவெளியை உங்கள் தாளில் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. 6 நோயாளிகளை மட்டும் நம்பி நிற்கும் கணக்கு இது. சரிசெய்யாத 4.5 சதவீதத்தின் 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய 1.9 முதல் 7.1 வரை போகிறது. தலைகீழாக்கினால் என்என்டி 14-இலிருந்து 53 வரை எதுவாகவும் இருக்கலாம். வெறும் 23 என்று எழுதினால் படிப்பவருக்கு இந்த அகலம் தெரியாது.

தேர்வுத் தாளில் இப்படி எழுதுங்கள்: "புண் உள்ளவர்களில் கூடுதல் இடர் ஒரு பருவத்துக்கு 4.5 சதவீதம். புண் உள்ளவர்களை மட்டும் முழுமையாகப் பாதுகாத்தால், ஒரு பருவத்தில் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 23 பேர். மக்களில் புண் 20 சதவீதம் என்ற வெளித்தகவலைக் கொண்டு பிஏஎஃப் 37.5 சதவீதம், இரு குழுக்களும் சம எண்ணிக்கையில் தேர்ந்தெடுக்கப்பட்டதால் அட்டவணையின் 30 நோயாளிகளைக் கொண்டு இதைக் கணக்கிடவில்லை. தண்ணீரில் நின்ற நேரத்துக்குச் சரிசெய்யப்படவில்லை." கடைசி இரண்டு வாக்கியங்களுக்குத் தனி மதிப்பெண் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். உங்கள் தோழியின் தாளில் அவை இருக்கின்றனவா என்றும் கேட்டுப் பாருங்கள்.